இரண்டு பிஷப்கள் போடும் அடைப்புக்கு ஒரு சொல்

கதிர்:
சதுரங்கத்தில் தனி ராஜாவை இரண்டு பிஷப்பும் ராஜாவும் மடக்கும் ஆட்டமுடிவைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். பிஷப்கள் அருகருகே நின்று எதிரி ராஜா தாண்ட முடியாத கோடு போடுகின்றனவே, அதற்குச் சொல் வேண்டும். ‘இரட்டைச் சுவர்’ சரியா?

செல்வம்:
‘மந்திரி இணை’ என்று வைக்கலாமே. திறந்த நிலைகளில் இரண்டு பிஷப்பும் கையில் இருப்பது பெரிய பலம்.

அமுதா:
செல்வம், அது காய்களைக் குறிக்கும் பெயர். கதிர் கேட்பது அவை போடும் அடைப்புக்கு. மேலும் பழைய வழக்கில் மந்திரி என்றால் இன்றைய ராணி, குழப்பம் வரும்.

என் பரிந்துரை ‘இணைவேலி’. பிஷப்கள் d4, e4. கறுப்பு ராஜா e6. e5-ஐ d4 பிஷப் காக்கிறது, d5-ஐயும் f5-ஐயும் e4 பிஷப் காக்கிறது. அடுத்தடுத்த இரண்டு மூலைவிட்டங்கள் இரு பக்கமும் அடைபட்டுவிடுவதால் ராஜா கீழே இறங்க முடியாது, பிஷப்களை நெருங்கவும் முடியாது. e4 பிஷப்பை f3-க்கு எடுத்தால் போதும், f5 திறந்துவிடும். சுவர் நின்ற இடத்திலேயே நிற்கும். இந்த அடைப்பையோ பெயர்த்துப் பெயர்த்து நட்டுக்கொண்டே போகிறோம். அதனால்தான் வேலி.

மாறன்:
நல்ல சொல். மூலைக்குத் தள்ளித்தான் மடக்க வேண்டும் என்பதும் தெரியும். ஆனால் பிஷப்பின் நிறத்துக்குப் பொருந்தும் மூலைதானே வேண்டும்?

அமுதா:
அது பிஷப்பும் குதிரையும் இருக்கும்போது. இங்கே இரு நிறத்துக்கும் ஆள் இருப்பதால் எந்த மூலையும் போதும். பிழையில்லாமல் ஆடினால் எந்த நிலையிலிருந்தும் அதிகபட்சம் 19 நகர்வில் முடியும். 50 நகர்வு விதி நெருக்காது. ஆனால் வெள்ளை ராஜாவும் கூடவே வர வேண்டும், வேலி மட்டும் மடக்காது.

தவறு நடப்பது கடைசியில்தான். வெள்ளை ராஜா b6, பிஷப்கள் d4, d7, கறுப்பு ராஜா a8, வெள்ளையின் முறை. அவசரப்பட்டு d4 பிஷப்பை e5-க்கு வைத்தால் b8 அடைபடும், செக்கும் இல்லை: ஸ்டேல்மேட், ஆட்டம் டிரா. d7 பிஷப்பை e6-க்கு ஒரு கட்டம் பின்னே எடுங்கள். c8 காவலிலேயே இருக்கும். கறுப்பு b8-க்குப் போயே ஆக வேண்டும். இப்போது e5-இல் செக், ராஜா மறுபடி a8, மற்ற பிஷப் d5-இல் மேட்.

கதிர்:
இணைவேலியை எடுத்துக்கொள்கிறேன். அந்த e6 நகர்வுக்கு ‘காத்திருப்பு நகர்வு’ போடட்டுமா?

மாறன்:
காத்திருப்பது என்றால் சும்மா இருப்பதுபோல் படுகிறது. இங்கே முறையை எதிராளி தலையில் கட்டுகிறோம். ‘முறைதள்ளல்’?

அமுதா:
பொருள் பொருந்துகிறது, ஆனால் ராஜாவைத் தள்ளுவதையும் ‘தள்ளல்’ என்றே எழுதுகிறோம். இரண்டும் ஒரே பத்தியில் வந்தால் வாசகர் தடுமாறுவார். வேறு சொல் யோசிக்கிறேன்.