தடித்த செதிளுக்கு அடியில் மருந்து போய்ச் சேருவது எப்படி? தலைச் சொரியாசிஸ் அனுபவங்கள்

முகில்: நெற்றியின் முடியோரத்திலும் பிடரிக்குச் சற்று மேலேயும் எனக்கு வெள்ளி நிறத்தில் தடித்த செதிள் படிந்திருக்கிறது. முதலில் பார்த்த மருத்துவர் பொடுகு என்று கூறி கீட்டோகோனசோல் ஷாம்பு கொடுத்தார். அதில் மாற்றம் தெரியவில்லை. பிறகு பார்த்த தோல் மருத்துவர் இது சொரியாசிஸ் என்று உறுதி செய்து, இரவில் தடவ ஸ்டீராய்டு லோஷன் எழுதினார். ஒழுங்காகத் தடவியும் செதிள் அசையவில்லை. மருந்துதான் எனக்குக் கேட்கவில்லையா, அல்லது தடவும் முறையில் ஏதேனும் விடுபடுகிறதா? இதே நிலையைக் கடந்தவர்கள் பகிருங்கள்.

வேலன்: தலையில் செதிள் உதிர்ந்தால் அதற்குக் காரணம் பூஞ்சைதான். எனக்குக் கீட்டோகோனசோல் ஷாம்புவே போதுமானதாக இருந்தது. நுரையை உடனே கழுவாமல் ஐந்து நிமிடம் ஊற விட்டு, வாரம் இருமுறை குளித்தேன். மிஞ்சிய செதிளை நகத்தால் பெயர்த்துவிட்டால் மருந்து உள்ளே போய்விடும்.

தேன்மொழி: தோல் நோய்ப் பிரிவில் செவிலியராகப் பணிபுரிகிறேன், எனக்கும் இந்நோய் உண்டு. வேலன் ஷாம்புவை ஊற விட்டது சரியான முறை. அது அவருக்குக் கேட்டது என்றால், அவருக்கு இருந்தது பெரும்பாலும் பொடுகாகவே இருந்திருக்கும். பொடுகின் செதிள் சற்று மஞ்சளாக, பிசுபிசுப்பாக, முடியிடையே பரவலாக உதிரும். சொரியாசிஸில் செதிள் உலர்ந்து அடுக்கடுக்காகப் படியும். தடிப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரலால் தொட்டே சொல்லிவிடலாம். அது முடியோரத்தைத் தாண்டி நெற்றிக்கும் காதின் பின்புறத்துக்கும் இறங்குவதுண்டு. மாநிறத் தோலில் அடிப்பகுதி சிவப்பாகத் தெரியாமல் கருஞ்சிவப்பாகவோ ஊதா சாயலிலோ தெரிவதால், படங்களில் பார்த்த சிவப்பைத் தேடுபவர்கள் ஏமாறுவார்கள்.

நகத்தால் பெயர்ப்பதை மட்டும் செய்யாதீர்கள். அடியில் புள்ளி புள்ளியாக இரத்தம் கசியும். காயம் பட்ட இடத்திலேயே புதிய தடிப்பு எழுவது இந்நோயின் இயல்பு.

முகில், உங்கள் லோஷன் செதிளின் மேலேயே காய்ந்துவிடுகிறது என்று நினைக்கிறேன். முதல் வேலை செதிளை இளக்குவதுதான். மருத்துவரிடம் கேட்டு, 3 முதல் 6 சதவீதம் சாலிசிலிக் அமிலம் கலந்த களிம்பை இரவில் தடிப்பின் மீது மட்டும் பூசி, தலையைத் துணியால் மூடிக்கொண்டு உறங்குங்கள். காலையில் சீப்பைத் தலையோடு படுக்கை வாட்டத்தில் பிடித்து, இளகியதை மட்டும் மெல்ல வாருங்கள். ஒட்டியிருப்பதை மறுநாளைக்கு விடுங்கள். பிறகு தார் ஷாம்புவைச் சில நிமிடம் ஊற விட்டு அலசலாம். செதிள் மெலிந்த பின்னரே லோஷனுக்கு வேலை. முடியை வகிடு வகிடாகப் பிரித்து, மருந்துப் புட்டியின் முனை தோலில் படும்படி சொட்டு விடுங்கள். முடி நனைந்தால் மருந்து வீண்தான்.

கால்சிபோட்ரியால் என்ற மருந்தும் சேர்த்து எழுதப்பட்டிருந்தால், சாலிசிலிக் அமிலத்தோடு ஒரே வேளையில் பூச வேண்டாம். அமிலம் அதைச் செயலிழக்கச் செய்துவிடும். இதைப் பலருக்கும் யாரும் சொல்வதில்லை.

மீனாட்சி: எனக்கு முடி கொத்தாக உதிர்ந்தது, செதிள் அடங்கிய பின் திரும்ப முளைத்தது. அதைவிட என்னைத் தொந்தரவு செய்வது விரல்கள். நகங்களில் ஊசி குத்தியது போன்ற குழிகள் இருக்கின்றன. காலையில் விரல் மூட்டுகள் மடங்க வெகுநேரம் ஆகின்றன. வயதாவதால் இப்படி என்று வீட்டில் சொல்கிறார்கள். தலைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

தேன்மொழி: இருக்கக்கூடும், மீனாட்சி அம்மா. நகக் குழியும் காலை நேர இறுக்கமும் சேர்ந்திருந்தால் சொரியாசிஸ் மூட்டழற்சியா என்று பார்க்க வேண்டும். தாமதித்தால் மூட்டு நிரந்தரமாகச் சேதமடையலாம். தோல் மருத்துவரிடமே இதைச் சொல்லுங்கள், வாதநோய் நிபுணரிடம் அனுப்புவார்.

முகில்: களிம்பு முறையை மருத்துவரின் ஒப்புதலோடு தொடங்கினேன். பிடரியில் தடிப்பு தட்டையாகி, அரிப்பும் குறைந்திருக்கிறது. நெற்றியோரத்தில் களிம்பு எரிந்ததால் அங்கே நிறுத்தச் சொன்னார். அந்த இடத்துக்கு வேறு மருந்து தரப்போகிறார். நன்றாக இருக்கிறது என்று ஸ்டீராய்டு லோஷனை மாதக்கணக்கில் தொடரலாமா?

தேன்மொழி: கூடாது. நாள்தோறும் பூசுவது பொதுவாகச் சில வாரங்களுக்குத்தான், வீரியம் மிக்கவற்றுக்கு அதிலும் குறைவு. நீண்டால் தோல் மெலியும். அடங்கிய பின் வாரம் இரண்டு நாள் எனக் குறைத்து மருத்துவர் தொடரச் சொல்லலாம். திடீரென நிறுத்தினால் பலருக்கு வேகமாகத் திரும்பும்.

வேலன்: என் செதிளும் காதின் பின்புறம் வரை வந்திருந்தது; ஆனால் பிசுபிசுப்பாகவும் இருந்தது. அப்படியானால் அது எந்தப் பக்கம்?

தேன்மொழி: இரண்டின் இயல்பும் கலந்து வருவதுண்டு. சில நேரங்களில் தோலில் சிறு துண்டு எடுத்துச் சோதித்தாலும் தெளிவாகப் பிரித்துச் சொல்ல முடிவதில்லை. மறுபடியும் வந்தால், ஷாம்பு போடுவதற்கு முன் காட்டுங்கள்; முழங்கை, முழங்கால், தொப்புள் ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.