ஸ்லைடுகளை இருவர் உரையாடலாக மாற்றிய அனுபவம் உண்டா?

செவிலியர் பயிற்றுநர்
பாம்புக்கடி முதலுதவி, சிகிச்சை பற்றிய 14 ஸ்லைடுகள். ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர்கள் பஸ்ஸில் போகும்போது கேட்கட்டும் என்று இருவர் பேசும் ஒலிப்பதிவுக்காக எழுதினேன். இரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் சோதனையைச் சொல்லும் ஆறாவது ஸ்லைடு இன்னும் உறுத்துகிறது. 2 மில்லி இரத்தம், கண்ணாடிக் குழாய், 20 நிமிடம், சாய்த்துப் பார். அவ்வளவுதான் அதில் இருந்தது. நான் எழுதியது இப்படி:

மருத்துவர்: குழாயை 20 நிமிடம் அசைக்காமல் வைக்க வேண்டும்.
செவிலியர்: அப்படியா! பிறகு?
மருத்துவர்: பிறகு மெதுவாகச் சாய்த்துப் பார்க்க வேண்டும்.

பதிவுக்கு முன் சிலருக்குப் படித்துக் காட்டினேன். கடைசி வரிசையில் இருந்த ஒரு செவிலியர், "எங்களிடம் பிளாஸ்டிக் குழாய்தான் இருக்கிறது மேடம், அது போதாதா?" என்றார். போதாது. உறைதலைத் தூண்டுவதே கண்ணாடியின் பரப்புதான். பிளாஸ்டிக்கில் நல்ல இரத்தம்கூட உறையாமல் நின்று, விஷம் ஏறிவிட்டதாகக் காட்டிவிடலாம். வகுப்பில் குழாயைக் கையில் தூக்கிக் காட்டி இதைச் சொல்லிவிடுவேன். ஸ்லைடில் அது இல்லை, அதனால் உரையாடலிலும் விழுந்துபோனது. நான் எழுதிய செவிலியர் "அப்படியா" என்றார். உண்மையான செவிலியர் கேள்வி கேட்டார்.

பாதுகாப்புப் பயிற்சிக்காரன்
தொழிற்சாலைத் தீயணைப்புப் பயிற்சிக்கு இதே வேலையைச் செய்தேன். ஸ்லைடுக்கு ஒரு நிமிடம், இரு குரலுக்கும் சம அளவு வரிகள். இதைக் கடைப்பிடித்தால் குழப்பமே வராது. ஸ்லைடில் உள்ள வரிகளை அப்படியே வாசிக்கவும் கூடாது.

சமூக வானொலி
வாசிக்கக் கூடாது என்பது சரி. ஸ்லைடுக்கு ஒரு நிமிடம் என்பதை ஏற்க மாட்டேன். மேலே சொன்ன 14 ஸ்லைடுகளில் தலைப்பும் நன்றியும் பத்து விநாடியில் முடிந்துவிடும். ஆறாவதுக்கு மூன்று நிமிடமாவது வேண்டும். நான் முதலில் ஸ்லைடுகளை மூடி வைத்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் 'கேட்பவர் இதை நம்பினால் நாளை எதை மாற்றிச் செய்வார்' என்று ஒரு வாக்கியம் எழுதுவேன். வாக்கியம் வராத ஸ்லைடு அடுத்ததோடு சேர்ந்துவிடும்.

இரண்டாவது, கேள்வி கேட்கும் குரலின் வரிகளைக் கையால் மறைத்துப் படியுங்கள். மற்றவர் பேச்சு தடையின்றி ஓடினால் அது உரையாடல் அல்ல, ஒருவர் உரைதான். உங்கள் மூன்று வரிகளிலேயே செவிலியரை எடுத்துவிட்டால் எதுவும் குறையவில்லை. கேள்வி பேச்சைத் திருப்ப வேண்டும். உதாரணமாக, "குழாயில் இரத்தம் உறைந்துவிட்டால் நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிடலாமா?" என்று கேட்கட்டும். பதில் "கூடாது". கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் போன்றவற்றின் விஷம் உறைதலைக் கெடுக்கும். கட்டுவிரியன் விஷம் நரம்பைத் தாக்குவது, இரத்தம் ஒழுங்காக உறைந்திருக்கும்போதே மூச்சு நின்றுவிடலாம். இந்த ஒரு கேள்வி பாம்பு வகைகள் ஸ்லைடையும் சோதனை ஸ்லைடையும் சேர்த்துக் கட்டிவிடுகிறது. கேள்வி கேட்பவர் பாதி தெரிந்தவராக இருந்தால்தான் இப்படிக் கேட்க முடியும். ஒன்றும் தெரியாதவர் 'அப்படியா' என்பதோடு நின்றுவிடுவார்.

படத்துக்கும் இதே கதி. "இந்தப் படத்தில் உள்ளதுபோல" என்ற சொற்றொடர் தப்பித்தவறியும் வரக் கூடாது. கண்ணாடி விரியனின் முதுகில் சங்கிலிபோல் வட்டங்கள் ஓடுகின்றன என்று சொல்லுங்கள், போதும்.

பள்ளி ஆசிரியை
நான் சந்திர கிரகணப் பாடத்தை இருவர் பேசும்படி எழுதி, ஸ்லைடுகளையும் கூடவே திரையில் ஓட்டினேன். பிள்ளைகள் திரையைத்தான் பார்த்தார்கள், குரலை யாரும் கவனிக்கவில்லை. நீங்கள் ஸ்லைடுகளைக் காட்டப் போகிறீர்களா?

செவிலியர் பயிற்றுநர்
இல்லை அம்மா, ஒலி மட்டும்தான்.

கிராமத்துக்காரர்
எனக்கு வேறு பயம். எங்கள் ஊருக்காக இப்படி ஒரு பதிவு செய்தபோது, ஒரு குரல் "கடித்த இடத்துக்கு மேல் இறுக்கிக் கட்டிவிட்டேன்" என்று சொல்லும், மறுகுரல் திருத்தும். பக்கத்து வீட்டுப் பாட்டி பாதியில் எழுந்து போய்விட்டார். மறுநாள் "ரேடியோவிலேயே கட்டச் சொன்னார்களே" என்றார். அதன்பிறகு தவறான நம்பிக்கையை எந்தக் குரலின் வாயிலும் வைப்பதில்லை.

சமூக வானொலி
அதை எடுத்துவிட்டால், கட்டுகிறவர் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று உணரவே மாட்டார். திருத்தம் அதே மூச்சில் வர வேண்டும். இரண்டு வரி தள்ளி வந்தால்தான் ஆபத்து.

கிராமத்துக்காரர்
பாட்டி எழுந்து போனது அந்த முதல் வரியிலேயே.

செவிலியர் பயிற்றுநர்
இருவர் சொல்வதும் எனக்குப் படுகிறது, கட்டுப்போடும் ஸ்லைடை இன்னும் தொடவில்லை. ஆறாவதை மட்டும் மாற்றியிருக்கிறேன்:

செவிலியர்: டாக்டர், எங்கள் அலமாரியில் பிளாஸ்டிக் குழாய்தான் இருக்கிறது.
மருத்துவர்: அதில் வைத்தால் வரும் விடையை நான் நம்ப மாட்டேன்.
செவிலியர்: அதே இரத்தம்தானே?
மருத்துவர்: இரத்தம் அதேதான். உறையத் தூண்டுவது கண்ணாடி.
செவிலியர்: பழைய கண்ணாடிக் குழாயைச் சோப்புப் போட்டுக் கழுவி வைத்துக்கொள்ளட்டுமா?
மருத்துவர்: வேண்டாம். சோப்பு ஒட்டியிருந்தால் அதுவும் ஏமாற்றும். புதியது, சுத்தமானது, உலர்ந்தது.

மறைத்துப் பார்த்தேன். செவிலியரின் வரிகள் இல்லாமல் மருத்துவர் பேசுவது புரியவில்லை.