ரைசிங் ரோன், போலிங் ரோன்: தமிழில் எப்படி அழைப்பது?

நல்லூரிலிருந்து ஆங்கில ஆசிரியை எழுதியது:

அன்புடையீர், ஆங்கில ஒலியியல் வினாக்களுக்கு மாணவரை ஆயத்தப்படுத்தும் கைநூல் ஒன்றைத் தமிழ் விளக்கத்துடன் தொகுத்து வருகிறேன். வாக்கிய இறுதியில் குரல் ஏறும் ரைசிங் ரோனுக்கு ‘உயர்தொனி’ என்றும் குரல் இறங்கும் போலிங் ரோனுக்கு ‘தாழ்தொனி’ என்றும் எழுதியிருந்தேன். கடந்த கிழமை வகுப்பில் “ஐ லைக் மாங்கோஸ்” என்று சாதாரணமாகச் சொல்லி, இது எந்தத் தொனி என்று கேட்டபோது பாதிக்கு மேற்பட்டோர் உயர்தொனி என்றே எழுதினார்கள். காரணம் கேட்டதற்கு, “ரீச்சர், ‘மாங்’ என்ற இடத்தில் உங்கள் குரல் உயரத்தில்தானே இருந்தது” என்றாள் ஒரு பிள்ளை. அவள் கேட்டது சரி, நான் வைத்த பெயர்தான் பிழை என்று எனக்குத் தோன்றுகிறது. வேறு சொல் தருவீர்களா?

சுன்னாகத்திலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

புதுச்சொல் எதற்குப் பிள்ளை? ‘எடுத்தல் படுத்தல் நலிதல்’ என்று நன்னூலார் எப்போதோ சொல்லிவிட்டார். எடுத்தல் என்றால் ஓசையை உயர்த்திச் சொல்வது, படுத்தல் என்றால் தாழ்த்திச் சொல்வது. வினாவுக்கு எடுத்தல், கூற்றுக்குப் படுத்தல் என்று எழுதிவிட்டால் மாணவருக்கு மயக்கமே இராது.

கோண்டாவிலிலிருந்து மொழியியல் படித்த மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

ஐயா சொன்ன சொற்கள் அழகானவை. ஆனால் இரண்டு தடைகள் உள்ளன. முதலாவது, ‘படுத்தலோசையால் பெயராயிற்று’ என்று உரையாசிரியர்கள் எழுதுவதை ஐயா அறிவார். ‘உண்டான்’ என்பது வினைமுற்றா, உண்டவன் என்னும் பெயரா என்பதைப் பிரித்துக்காட்ட அவர்கள் அச்சொல்லை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ஆங்கிலத்திலோ வாக்கியத்தின் இறுதியில் குரல் போகும் திசைதான் பேச்சு. இரண்டாவது, எல்லா வினாவும் ஏறுவதில்லை. ‘டூ யூ லைக் மாங்கோஸ்?’ என்று ஆம் அல்லது இல்லை எதிர்பார்த்துக் கேட்டால் வழக்கமாகக் குரல் ஏறும். ‘வேர் டூ யூ லிவ்?’ என்று விவரம் கேட்டால் கூற்றைப் போலவே இறங்கும். நான்கு வினாக்களைத் தந்து வேறுபட்டு ஒலிப்பதைத் தெரிவுசெய்யச் சொல்லும் வினாத்தாளில் பிள்ளைகள் வழுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஆசிரியையின் வகுப்பில் நடந்ததற்கு வருகிறேன். அதே மாங்கோஸ் என்ற சொல்லைக் கூற்றில் ஒருமுறையும் வினாவில் ஒருமுறையும் சொல்லிப் பாருங்கள். கூற்றில் ‘மாங்’ உயரத்தில் தொடங்க, ‘கோஸ்’ அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். வினாவில் ‘மாங்’ தாழ்வாகத் தொடங்க, ‘கோஸ்’ மேலே ஏறும். ஆகவே அழுத்தம் விழும் அந்த அசையை மட்டும் கேட்கும் பிள்ளைக்கு இறங்கும் தொனி உயரமாகவும் ஏறும் தொனி தாழ்வாகவும்தான் கேட்கும். பெயர் உயரத்தைச் சொல்லக்கூடாது, நகர்வைச் சொல்ல வேண்டும். கணிதத்தில் ‘ஏறுவரிசை, இறங்குவரிசை’ என்று பிள்ளைகள் ஏற்கெனவே படித்திருக்கிறார்கள். அந்த அச்சிலேயே ‘ஏறுதொனி, இறங்குதொனி’ என்று வைக்கலாம். ஆரோகணம், அவரோகணம் என்று யாராவது சொல்வதற்கு முன்னர் நானே மறுத்துவிடுகிறேன்: அவை சுரம் சுரமாகப் படியேறுபவை, இது ஓரிரு அசைக்குள் வழுக்கிப் போவது.

சாவகச்சேரியிலிருந்து ஒரு மாணவி எழுதியது:

எனக்குச் சொல்லைப் பற்றி அவ்வளவாகத் தெரியாது. ஒரு மாதிரி வினாத்தாளில் ‘இட்ஸ் கோல்ட், இஸின்ட் இட்?’ என்பதற்கு நான் ஏறும் என்று போட்டேன். விடைத்தாளில் இறங்கும் என்று இருந்தது. வினாக்குறி இருக்கிறதுதானே? எனக்குப் புள்ளி தருவார்களா?

கோண்டாவில்:

தங்கச்சி, புள்ளி போடுவது என் கையில் இல்லை. ஆனால் அந்த வினாவில் குறை இருக்கிறது. குளிரைத் தானும் உணர்ந்தபடி, மற்றவர் ஒத்துக்கொள்வார் என்ற எண்ணத்தில் சொன்னால் ‘இஸின்ட் இட்’ இறங்கும். தொலைபேசியில் நுவரெலியாவில் இருப்பவரிடம் உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டால் ஏறும். நம்முடைய ‘குளிருது, என்ன?’ என்பதையும் இரண்டு விதமாகச் சொல்லிப் பாருங்கள். சூழலைத் தராமல் ஒரே விடையைக் கேட்பது சரியல்ல. சூழல் இல்லாதபோது விடைத்தாள் எழுதுவோர் பெரும்பாலும் இறங்குவதையே எடுத்துக்கொள்கிறார்கள். வினாக்குறியை மட்டும் நம்ப வேண்டாம்.

சுன்னாகம்:

வினாவைப் பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், ‘வேர்’ என்ற வினா இறங்குவதை நான் கவனித்திருக்கவில்லை. ஆயினும் ‘தொனி’ எனக்கு உடன்பாடில்லை. ‘அவர் பேசிய தொனி சரியில்லை’ என்றால் நாம் குரலின் ஏற்றத்தையா சொல்கிறோம், மனநிலையைத்தானே? ‘ஏறோசை, இறங்கோசை’ என்றால் என்ன?

நல்லூர்:

இரண்டையும் வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். ‘ஏறோசை’யை ஒரு பிள்ளை ‘ஏறு ஓசை’ என்று பிரித்து, காளையின் சத்தமா என்று கேட்டுவிட்டது. ஐயா மன்னிக்க வேண்டும். கைநூலில் இப்போதைக்கு ஏறுதொனி, இறங்குதொனி என்றே திருத்துகிறேன். இரண்டுக்கும் பொதுவான இன்ரனேஷனுக்கு ‘குரலோட்டம்’ என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். அதைவிடப் பொருத்தமான சொல் இருந்தால், அச்சுக்குக் கொடுப்பதற்குள் அறியத் தாருங்கள்.