பின்னோக்கி நடந்து வீடியோ எடுக்கும்போது எங்கே நிறுத்துவீர்கள்?

தெருக்காட்சி
நெரிசலான கடைத்தெருவில் நண்பர் பேசிக்கொண்டே நடந்து வருகிறார், நான் அவருக்கு முன்னால் கிம்பலோடு பின்னோக்கி நடக்கிறேன், என் தங்கை பின்னாலிருந்து என் இடுப்பு பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு வழி பார்க்கிறாள். தெரு முடிந்து சிக்னலுக்கு வந்தோம். எங்களுக்குப் பச்சை, நண்பரின் பேச்சும் அருமையாக வந்துகொண்டிருந்தது, அப்படியே கடந்துவிடலாம் என்று நினைத்த நொடியில் தங்கை பெல்ட்டைக் கீழே இழுத்தாள். நின்றேன். சிவப்பைத் தாண்டி வந்த பைக் ஒன்று என் முதுகை உரசுகிற மாதிரி போனது. வீடியோவில் ஹாரன் சத்தம் மட்டும்தான் இருக்கிறது, வண்டியே இல்லை. நண்பர் இன்னொரு டேக் கேட்டார், நான் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டேன். நீங்கள் எந்தக் கட்டத்தில் நிறுத்துவீர்கள், அனுபவத்தைச் சொல்லுங்கள்.

குலுங்கும்கை
எனக்கும் இதே பிரச்சினைதான், பின்னோக்கி நடந்தால் படம் மேலும் கீழும் ஆடுகிறது. எந்த கிம்பல் வாங்கலாம்?

பழைய கேமராக்காரன்
தம்பி, அவர் கேட்பது வேறு. முழங்காலைக் கொஞ்சம் மடக்கி நடந்து பாருங்கள், மீதியைத் தனியாகப் பேசுவோம்.

தெருக்காட்சி, உங்கள் தங்கை செய்ததுதான் சரியான முறை. வழி பார்ப்பவர் ஃபிரேமைப் பார்க்கவே கூடாது, சாலையை மட்டும்தான் பார்க்க வேண்டும். சத்தத்தில் பேச்சு கேட்காது, அதனால் தொடுகைதான் மொழி: கீழே இழுத்தால் நில், பக்கவாட்டில் இழுத்தால் அந்தப் பக்கம் வா. அவர் இழுத்தால் டேக் முடிந்தது, அங்கே வாதமே கிடையாது.

லென்ஸ் என்ன போட்டிருந்தீர்கள்? 16 மி.மீ. என்றால் ஸ்க்ரீனைப் பார்த்துத் தூரத்தைக் கணிக்கவே கூடாது. 50 மி.மீ.யில் தெரிவதில் மூன்றில் ஒரு பங்கு அளவில்தான் எல்லாம் தெரியும், பத்து மீட்டரில் இருக்கும் பஸ் முப்பது மீட்டரில் நிற்பதாகத் தோன்றும். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் எட்டு மீட்டருக்கு மேல் வந்துவிடும்.

நான் சாலையைப் பின்னோக்கி நடந்து கடப்பதே இல்லை. நடைபாதை ஓரம் வரை எடுப்பேன், கேமராவை இறக்கிவிட்டு முன்னோக்கிக் கடப்பேன், அந்தப் பக்கம் போய்த் தொடர்வேன். யாராவது லென்ஸை மறைத்துக்கொண்டு குறுக்கே போகும் இடத்தில் வெட்டினால் பார்ப்பவருக்குத் தெரியாது. ஹெட்ஃபோன் போட்டால் ஒரு காதில் மட்டும்.

தூரப்பார்வை
இவ்வளவு சிரமமே வேண்டாம். 200 மி.மீ. போட்டு ஓரமாக நின்று எடுத்தால் ஆபத்தே இல்லை.

பழைய கேமராக்காரன்
பாதி சரி. வண்டிகளுக்கு நடுவில் போகத் தேவையில்லை, அது உண்மை. ஆனால் ஒரு கண் வ்யூஃபைண்டரில், இன்னொரு கண் மூடியிருக்கும், பக்கத்தில் வருவது எதுவும் தெரியாது. ஆளைப் பின்தொடர்ந்து திரும்பத் திரும்ப, கால் தன்னால் நடைபாதையை விட்டு இறங்கும். முதுகைச் சுவரிலோ தூணிலோ ஒட்டி நின்றால் இரண்டுக்கும் பாதுகாப்பு.

ஊர்வலம் எடுப்பவள்
எனக்கு வண்டியைவிடக் கூட்டம்தான் பயம். நான் வைத்திருக்கும் கணக்கு இது: நின்ற இடத்திலேயே ஒரு சுற்று திரும்ப முடிகிறதா? யாரையும் இடிக்காமல் முடியாது என்றால் அப்போதே ஓரத்துக்குக் கிளம்பிவிடுவேன். சதுர மீட்டருக்கு ஐந்து பேர் ஆகிவிட்டாலே கூட்டம் நம்மைத் தள்ளத் தொடங்கும். நாம் நகராமலே கால் நகர்ந்தால் அதற்கு மேல் ஒரு ஷாட்டும் கிடையாது.

ஒருமுறை மேடை அருகே அப்படித்தான் ஆனது. கேமராவைத் தலைக்கு மேல் தூக்கி எடுத்துக்கொண்டிருந்தவரின் விலா இரண்டு பக்கமும் நசுங்கியது, கையைக் கீழே கொண்டுவர இடமே இல்லை. அதனால்தான் நெருக்கம் தெரிந்ததும் கேமராவை இறக்கி, முன்கைகளை மார்புக்கு முன்னால் மடித்து வைத்துக்கொள்வேன், மூச்சுவிட இடம் வேண்டுமே. எதிர்த்துத் தள்ள மாட்டேன், தள்ளு ஓய்கிற நேரம் பார்த்துக் குறுக்காக ஓரத்துக்கு நகர்வேன். லென்ஸ் மூடி விழுந்தாலும் சரி, கேமராவே விழுந்தாலும் சரி, குனிவதில்லை.

தெருக்காட்சி
அக்கா, அப்போது வார் கழுத்திலா, மணிக்கட்டிலா?

ஊர்வலம் எடுப்பவள்
மணிக்கட்டில். யாராவது பறித்தால் விட்டுவிடலாம். கழுத்தில் இருந்தால் நம்மையும் சேர்த்து இழுக்கும்.

பழைய கேமராக்காரன்
இதில் எனக்கு உடன்பாடில்லை. இறுக்கமான மணிக்கட்டு வார் பைக்கின் கைப்பிடியில் மாட்டினால் கையும் சேர்ந்து போகும். நான் இழுத்தால் கழன்றுவிடும் கொக்கி உள்ள கழுத்து வார்தான் போடுகிறேன்.

ஊர்வலம் எடுப்பவள்
அந்தக் கொக்கி சும்மா நெரிசலிலேயே கழன்றுவிடாதா அண்ணா?

பழைய கேமராக்காரன்
சில சமயம் கழலும். கேமரா போனால் போகட்டும் என்றுதான் போடுகிறேன்.