வீட்டு உதவியாளருக்குக் கை முறிவு: எந்தப் பாலிசிக்குக் கடிதம் எழுதுவது?

வணக்கம். சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் வேலை செய்யும் இந்தோனேசியப் பெண் போன செவ்வாய்க்கிழமை துணி காயப்போடும்போது, பின்கட்டுச் சிமெண்டுத் தரையில் வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிவு. அவசரத்தில் தனியார் மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோனோம். பில் என் கையில்.

முதலில் வீட்டுக் காப்புறுதிக்கு எழுதினேன். மூன்றாம் நபருக்கான பொறுப்பு அதில் உண்டு, ஆனால் சம்பளத்துக்கு வேலை செய்பவர் அதில் சேரமாட்டார் என்று பதில் வந்தது. பாலிசியைப் புரட்டினால் அந்த விலக்கு பொடி எழுத்தில் இருக்கிறது, தப்பு என்மேல்தான். மலேசியாவின் சமூகப் பாதுகாப்பு அமைப்பான பெர்கேசோவில் அவரைப் பதிந்து மாதாமாதம் கட்டுகிறேன் (வீட்டு வேலையாட்களுக்கு 2021 ஜூன் முதல் கட்டாயம்), விபத்தை 48 மணி நேரத்துக்குள் தெரிவித்துவிட்டேன். விசாவுக்காக எடுத்த பணிப்பெண் காப்புறுதியும் நடப்பில் இருக்கிறது. அதில் விபத்து இழப்பீடு தனி, மருத்துவச் செலவு தனி.

அந்தப் பணிப்பெண் காப்புறுதி நிறுவனத்துக்கு இப்போது கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். விழுந்த நேரம், இடம், செய்த வேலை, டாக்டர் அறிக்கை எல்லாம் சேர்த்தாயிற்று. பெர்கேசோ முடிவு வருமுன்பே மருத்துவச் செலவையும் இதிலேயே கேட்கலாமா, அல்லது விபத்து இழப்பீட்டை மட்டும் இப்போது கேட்டுவிட்டு மிச்சத்துக்குக் காத்திருக்க வேண்டுமா?