21 பிள்ளைகளின் கணிதப் புள்ளி: தண்டு-இலை வரைபைப் பத்துப் பத்தாகக் கீறுவதா, ஐந்து ஐந்தாகவா?

படுவான்கரை டீச்சர்
தரம் 10 கணிதம், இரண்டாம் தவணைப் புள்ளிகள். வகுப்பில் 21 பேர், ஒருவர் பரீட்சைக்கு வரவில்லை. பெற்றோர் கூட்டத்துக்கு டிமை தாளில் கையால் தண்டு-இலை வரைபு கீற வேண்டும்; புள்ளியின் கடைசி இலக்கம் இலை, அதற்கு முன்னால் உள்ளது தண்டு. பத்துப் பத்தாகத் தண்டு போட்டால் 35க்குக் கீழே எத்தனை பேர் என்று தெரியவில்லை. ஐந்து ஐந்தாகப் பிரிக்கலாமா? இடாப்பு வரிசையில் புள்ளிகள் இவை:

48, 35, 62, 71, 9, 54, 38, 100, 67, 33, 54, 41, 36, 58, 76, 59, 34, 62, 47, 51

அக்கரைப்பற்றான்
ஐந்து ஐந்தாகவே பிரியுங்கள் டீச்சர், யோசிக்க வேண்டாம். சித்தி 35, திறமைச் சித்தி 50, அடுத்தது 65, அதற்கு மேல் 75. எல்லாமே ஐந்தின் மடங்கு. ஒவ்வொரு தண்டையும் இரண்டு வரியாகப் போட்டு, மேல் வரியில் 0 முதல் 4 வரை, கீழ் வரியில் 5 முதல் 9 வரை இலைகளை எழுதினால் எந்த எல்லையும் ஒரு வரியின் நடுவில் விழாது. 3இன் மேல் வரியில் இருப்பவர் சித்தியடையவில்லை, கீழ் வரியில் இருப்பவர் சித்தி. பெற்றோருக்கு இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. வெறும் தண்டுகளை எழுதாமல் விட்டால் இடமும் மிச்சம்.

களுவாஞ்சிகுடி மாஸ்டர்
எல்லைகளைப் பற்றித் தம்பி சொன்னது சரி. ஆனால் அதைக் கீறிப் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். 9இல் தொடங்கி 100 வரை ஐந்து ஐந்தாகப் போனால் 20 வரி வரும். புள்ளியும் 20தான். 20 வரியில் 20 இலை என்றால் அநேகமான வரிகளில் ஒன்றோ இரண்டோ நிற்கும், மற்றவை வெறுமை. வகுப்பு எங்கே குவிந்திருக்கிறது என்று அதில் தெரியாது. நூறு பேரின் புள்ளி என்றால் நானும் ஐந்து ஐந்தாகத்தான் போவேன்.

வெறும் தண்டுகளை விடுகிற யோசனையை மட்டும் எடுக்க வேண்டாம் டீச்சர். உங்கள் புள்ளிகளில் 9க்கும் 33க்கும் இடையில் ஒருவரும் இல்லை. 1, 2 என்ற தண்டுகளை எழுதாமல் விட்டால் அந்த 9 எடுத்த பிள்ளை 33க்குப் பக்கத்து வரியில் வந்து உட்கார்ந்துவிடும். 24 புள்ளி இடைவெளி தாளில் இல்லாமல் போகும். அந்தப் பிள்ளைக்கு வகுப்பில் மற்றவர்களோடு சேர்த்துப் பாடம் நடத்தினால் போதாது என்று காட்டுவதே அந்த இரண்டு வெறும் வரிகள்தான். 100க்கு முன்னால் வெறுமையாக நிற்கும் 8, 9 தண்டுகளும் அப்படியே.

பத்துப் பத்தாகவே கீறுங்கள். முதலில் ஒரு வரைவு போடுங்கள். 0 முதல் 10 வரை தண்டுகளை மேலிருந்து கீழே எழுதி, பக்கத்தில் நிலைக்குத்தாக ஒரு கோடு. பிறகு இடாப்பு வரிசையிலேயே ஒவ்வொரு புள்ளியாகப் படித்துக் கடைசி இலக்கத்தை மட்டும் எழுதிக்கொண்டு போங்கள். சிறியது பெரியது என்று இப்போது தேட வேண்டாம். தேடிக்கொண்டு எழுதுகிறவருக்குத்தான் ஒன்று விடுபடும். 3இன் வரியில் 5 8 3 6 4 என்று குழம்பி வரும், வரட்டும். முடிந்ததும் இலைகளை எண்ணுங்கள். 20 வராவிட்டால் அடுத்த படிக்குப் போகக் கூடாது. ஒன்று குறைந்தால் அநேகமாக இரண்டாம் தடவை வந்த 54ஐயோ 62ஐயோ "எழுதிவிட்டோமே" என்று தாண்டியிருப்பீர்கள். ஒரே புள்ளி இரண்டு பேருக்கு என்றால் இலையும் இரண்டு.

எண்ணிக்கை சரி என்றால் ஒவ்வொரு வரியையும் ஏறுவரிசையில் டிமையில் எழுதுங்கள்:

```
 0 | 9
 1 |
 2 |
 3 | 3 4 5 6 8
 4 | 1 7 8
 5 | 1 4 4 8 9
 6 | 2 2 7
 7 | 1 6
 8 |
 9 |
10 | 0

3 | 5 = 35 புள்ளி
```

கடைசியில் உள்ள குறிப்பு கட்டாயம். அது இல்லாவிட்டால் 3 | 5 என்பது 35ஆ 3.5ஆ என்று பார்க்கிறவருக்குத் தெரியாது.

அக்கரைப்பற்றான்
மாஸ்டர், டீச்சர் கேட்டதே 35ஐப் பற்றித்தான். உங்கள் வரைபில் 3இன் வரியில் ஐந்து பேர் ஒன்றாக நிற்கிறார்கள். யார் அந்தப் பக்கம், யார் இந்தப் பக்கம்?

களுவாஞ்சிகுடி மாஸ்டர்
இலைகள் ஏறுவரிசையில் நிற்பதால்தான் அதற்கு இலகுவான வழி இருக்கிறது. எல்லை விழும் இடத்தில் இலைகளுக்கு நடுவே சிவப்புப் பேனையால் சின்னக் கோடு ஒன்று:

```
3 | 3 4 / 5 6 8
6 | 2 2 / 7
7 | 1 / 6
```

50க்குக் கோடே தேவையில்லை, அது 5இன் வரி தொடங்கும் இடம். இப்போது எண்ணிப் பாருங்கள். 35க்குக் கீழே 3 பேர், 35 முதல் 49 வரை 6, 50 முதல் 64 வரை 7, 65 முதல் 74 வரை 2, 75க்கு மேல் 2. கூட்டினால் 20. வகுப்பின் வடிவமும் கெடவில்லை. 33, 34 எடுத்த இரண்டு பேரும் கோட்டுக்கு ஒட்டி நிற்பதையும் பெற்றோர் பார்ப்பார்கள். ஐந்து ஐந்தாகப் பிரித்து வேறு வரியில் போட்டால் அந்த நெருக்கம் இவ்வளவு தெளிவாகத் தெரியாது.

அக்கரைப்பற்றான்
அந்தச் சிவப்புக் கோடு பாடநூலில் இல்லாத ஒன்று. பிள்ளைகள் அதைப் பார்த்துப் பழகிச் சோதனையிலும் போட்டால் புள்ளி வெட்டுவார்கள். தண்டை இரண்டாகப் பிரிப்பது எல்லோரும் ஏற்றுக்கொண்ட முறை. வெறும் தண்டுகளை வைத்திருக்க வேண்டும் என்பதை எடுத்துக்கொள்கிறேன். ஐந்து ஐந்தாக என்பதில் நான் மாறவில்லை.

ஆரையூர் அம்மா
எனக்கு இது சரியாக விளங்கவில்லை. என் மகன் எத்தனையாம் இடம் என்று இதில் எப்படிப் பார்ப்பது? போன தவணையில் 41, இப்போது 58 எடுத்திருக்கிறான். அந்த முன்னேற்றம் எந்த வரியில் இருக்கும்?

படுவான்கரை டீச்சர்
இடம் பார்க்கலாம் அக்கா, கீழிருந்து எண்ணிக்கொண்டு வாருங்கள். 100 முதலாவது, 76, 71, 67, பிறகு 62 இரண்டு பேர், 59. இந்த வகுப்பில் 58 என்றால் எட்டாம் இடம். ஆனால் ஒரு பிள்ளை போன தவணையிலிருந்து எவ்வளவு ஏறினது என்று இந்த வரைபில் இல்லை. இரண்டு தவணையையும் ஒரே தண்டின் இரு பக்கமும் எழுதினாலும், வகுப்பு முழுவதும் ஏறியதா என்றுதான் தெரியும். பெயர் இல்லாததால் அந்த 41தான் இந்த 58 என்று இணைக்க முடியாது. மகனின் தேர்ச்சி அறிக்கையில் இரண்டு தவணையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், அதைப் பாருங்கள்.

மாஸ்டர், வராத பிள்ளைக்கு 0 போடச் சொல்லி ஒரு சக ஆசிரியர் சொல்கிறார். அப்போதுதான் 21 இலை வருமாம்.

களுவாஞ்சிகுடி மாஸ்டர்
போடக் கூடாது. 0 | 0 என்று எழுதினால் "எழுதினான், ஒன்றும் வரவில்லை" என்று அர்த்தம். வராத பிள்ளை எழுதவே இல்லை. கணக்கிலும் அது தெரியும். 20 பேரின் கூட்டுத்தொகை 1035, இடை 51.75. ஒரு 0 சேர்த்து 21ஆல் பிரித்தால் 49.3க்கு இறங்கும். வகுப்பு 50க்கு மேலே நின்றதா கீழே நின்றதா என்பதே மாறிப்போகிறது. இடையமும் நகரும். இப்போது 10ஆம், 11ஆம் இலைகள் 51, 54, ஆகவே 52.5. 0 சேர்ந்தால் 11ஆம் இலை 51. அடியில் "20 பேரின் புள்ளி, ஒருவர் தோற்றவில்லை" என்று ஒரு வரி எழுதினால் போதும்.

இன்னொன்று. டிமையில் அடிமட்டம் வைத்துப் பென்சிலால் மெல்லிய சதுரம் கீறிக்கொண்டு ஒரு சதுரத்துக்கு ஓர் இலை என்று எழுதுங்கள். இலைகளுக்கு நடுவே காற்புள்ளி வேண்டாம். கையெழுத்தில் 1 ஒடுங்கி நிற்கும், 8 அகலமாக நிற்கும். இடைவெளி சமனாக இல்லாவிட்டால் மூன்று இலை உள்ள வரி நான்கு இலை உள்ள வரியைவிட நீளமாகத் தோன்றும். தூரத்தில் கதிரையில் இருக்கிற பெற்றோர் இலக்கத்தை வாசிக்க மாட்டார்கள், நீளத்தைத்தான் பார்ப்பார்கள்.

திருக்கோவில் விஞ்ஞானம்
நல்ல நேரத்தில் இந்தப் பேச்சு. என்னிடம் 15 பிள்ளைகள், 25க்கு வைத்த சிறு சோதனை, அரைப் புள்ளியும் கொடுத்திருக்கிறேன். 14.5, 17, 9.5 என்று வருகிறது. 14ஐத் தண்டாகவும் 5ஐ இலையாகவும் எடுத்தால் தண்டுகள் 6 முதல் 23 வரை போகின்றன. இலைகளோ 0, 5 மட்டும்தான்.

களுவாஞ்சிகுடி மாஸ்டர்
அதற்கு இந்த வரைபு பொருந்தாது சேர். 18 வரியில் 15 இலை, அதுவும் இரண்டே வகை இலக்கம். இலையில் சொல்ல ஒன்றுமில்லாவிட்டால் இலை எதற்கு? ஓர் எண்கோட்டைக் கீறி ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு புள்ளி குத்துங்கள்.

திருக்கோவில் விஞ்ஞானம்
நான்கால் பெருக்கி 100க்கு மாற்றினால்? 14.5 என்பது 58 ஆகும்.

அக்கரைப்பற்றான்
மாற்றினால் எல்லா இலையும் இரட்டை எண்ணாகத்தானே வரும் சேர். ஆனால் படம் தெளிவாக இருக்கும், 35இன் எல்லையும் பார்க்கலாம். நான் என்றால் செய்வேன்.

களுவாஞ்சிகுடி மாஸ்டர்
நான் செய்ய மாட்டேன். அரைப் புள்ளி வித்தியாசம் இரண்டு புள்ளி வித்தியாசமாகத் தோன்றும். 25க்கு வைத்த சோதனை அவ்வளவு நுணுக்கமாக அளக்கவில்லை.

ஆரையூர் அம்மா
டீச்சர், ஒரு விசயம் கேட்கிறேன். இதைச் சுவரில் ஒட்டப் போகிறீர்களா? பெயர் இல்லைதான். ஆனால் 21 பிள்ளைகள் உள்ள வகுப்பில், மேலே தனியாக நிற்கிற அந்த 9 யாருடையது என்று தெரியாத பெற்றோர் அன்றைக்கு அங்கே இருக்க மாட்டார்கள்.

அக்கரைப்பற்றான்
அதற்குத்தான் சிலர் இடைவெளி அட்டவணை போடுகிறார்கள். "0 முதல் 34 வரை 3 பேர்" என்றால் ஒருவரையும் காட்டிக்கொடுக்காது.

களுவாஞ்சிகுடி மாஸ்டர்
அந்த அட்டவணையில் 33, 34 எடுத்தவர்களும் 9 எடுத்த பிள்ளையும் ஒரே பெட்டிக்குள் போய்விடுவார்கள். இரண்டு பேருக்கு ஒரு மாதப் பயிற்சி போதும், ஒருவருக்கு அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும். அதை ஆசிரியர் பார்த்தே ஆக வேண்டும். பெற்றோர் பார்க்க வேண்டுமா என்பது வேறு. அம்மா கேட்டதில் நியாயம் இருக்கிறது.

படுவான்கரை டீச்சர்
முழு வரைபு என் கொப்பியில் இருக்கும். அதிபரோடு கதைத்துவிட்டு டிமையில் 3இன் வரியிலிருந்து மட்டும் கீறி, அடியில் "35க்குக் கீழே 3 பேர், அவர்களில் ஒருவரின் இலை இங்கே காட்டப்படவில்லை" என்று எழுதலாமா என்று பார்க்கிறேன்.

அக்கரைப்பற்றான்
அப்படி எழுதினால் எல்லோரும் அந்த ஒருவர் யார் என்றுதான் கேட்பார்கள் டீச்சர்.