புதுப்பிப்பு: பியானோ ஆர்பெஜியோவில் இரண்டு கையும் இடறிய இடம்

முன்பு நான் கேட்டது: “தனித்தனியாக இரண்டு கையும் சரியாக வருது. சேர்த்து வாசித்தால், சி, ஈ, ஜி சுரங்களை ஒவ்வொன்றாக வாசிச்சு ஏறி இறங்குற சி மேஜர் ஆர்பெஜியோ நாலாவது சுரத்துக்கிட்ட தடுமாறுது. ஏன்?”

மூன்று வாரம் ஆயிற்று. இங்கே பதில் எழுதிய பியானோ டீச்சர் சொன்னதுதான் காரணம். ஏறும்போது வலது கட்டைவிரல் ஜி-யிலிருந்து சி-க்குப் போகையில் விரல்களுக்கு அடியில் நுழைகிறது. இடது கையோ சி-யைக் கட்டைவிரலால் அடித்த பிறகுதான் நாலாம் விரலை மேலே தாண்டி ஈ-யில் வைக்கிறது. ஒரு சுரம் தள்ளி! நான் இரண்டையும் ஒன்றாக நகர்த்தப் பார்த்திருக்கிறேன்.

இப்போது ஜி, சி, ஈ மூன்று மட்டும், மெட்ரோனோம் 60-இல், தட்டுக்கு ஒரு சுரம். “தனிக்கையில் வேகம் ஏற்றுங்க, தானா சேரும்” என்றவர் சொன்னது பாதி சரி: விரல் வரிசை பதிந்தது, கைகள் சேரவில்லை. கீபோர்டை மாற்றச் சொன்ன அண்ணா, எதில் வாசித்தாலும் விரல் இதேதான்.

இறங்கும்போது இன்னும் இடறுகிறது.